வட்டியில் அரை விழுக்காடு: வீட்டுக் கடன் தவணையின் கணக்கு

இந்தியாவில் வங்கிகளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் தரும் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாதந்தோறும் ஒரே அளவான தொகையைச் செலுத்தித் தீர்க்கப்படுகிறது. இந்தத் தொகையே சம மாதத் தவணை, அதாவது எல்லோரும் இ.எம்.ஐ. என்று சொல்லும் தொகை. தவணை மாறாமல் இருப்பதால் கடனும் மாதந்தோறும் ஒரே சீராகக் கரைந்துவருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த ஒரே தொகைக்குள் வட்டிக்குப் போகும் பங்கும் அசலுக்குப் போகும் பங்கும் ஒவ்வொரு மாதமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வட்டி விகிதம் சிறிதளவு மாறினாலும் மொத்த வட்டி ஏன் பெரிதாக மாறுகிறது என்பதற்கான காரணம் இந்தப் பங்கீட்டிலேயே இருக்கிறது.

இதை விளக்க ஒரே ஒரு கடனை எடுத்துக்கொள்வது போதும். கடன் தொகை 30 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 மாதங்கள் எனக் கொள்வோம். வட்டி மாதந்தோறும், நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் கணக்கிடப்படுகிறது. ஆண்டு விகிதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பது மாத விகிதம். இங்கே அது ஏறத்தாழ 0.708 விழுக்காடு. முதல் மாத முடிவில் 30 லட்சத்துக்கான வட்டி 21,250 ரூபாய் ஆகிறது. இந்தக் கடனுக்கான தவணை 26,035 ரூபாய் என்பது பின்னர் காட்டப்படும் சூத்திரத்தின் விடை. ஆகவே முதல் தவணையில் வட்டி போக எஞ்சும் 4,785 ரூபாய் மட்டுமே அசலைக் குறைக்கிறது.

இரண்டாம் மாதத்தில் நிலுவை 4,785 ரூபாய் குறைந்துவிட்டதால் அதற்கான வட்டியும் ஏறத்தாழ 34 ரூபாய் குறைகிறது. தவணை மாறாததால் அந்த 34 ரூபாய் அசல் பங்கோடு சேர்கிறது. இந்த 34 ரூபாய் என்பது முந்தைய மாத அசல் பங்கின் மீதான ஒரு மாத வட்டியே. எனவே அசலுக்குப் போகும் பங்கு ஒவ்வொரு மாதமும் மாத வட்டி விகிதத்தின் அளவிலேயே வளர்கிறது. அடுத்தடுத்த அசல் பங்குகள் ஒரு பெருக்குத் தொடராக அமைகின்றன. தவணைச் சூத்திரத்தின் அடிப்படை இவ்வளவுதான்: 240 மாதங்களின் அசல் பங்குகளைக் கூட்டினால் சரியாக 30 லட்சம் வரவேண்டும். 8.5 விழுக்காட்டில் 240 மாதங்களுக்கு இந்தத் தொடரின் கூட்டுத்தொகை முதல் பங்கைப் போல ஏறத்தாழ 627 மடங்கு. 30 லட்சத்தை 627-ஆல் வகுத்தால் முதல் மாத அசல் பங்கான 4,785 ரூபாய் கிடைக்கிறது. அதோடு முதல் மாத வட்டியைக் கூட்டினால் தவணை வந்துவிடுகிறது. பாடநூல்களில் காணப்படும் வடிவம் இதையே சுருக்கிச் சொல்கிறது:

```
E = P × r × (1 + r)^n / ((1 + r)^n − 1)
```

இதில் P கடன் தொகை, r மாத வட்டி விகிதம், n மாதங்களின் எண்ணிக்கை, E தவணை. கணினியின் விரிதாளில் இதே விடையைப் பெறக் கீழ்க்காணும் ஒரு வரி போதும்:

```
=PMT(8.5%/12, 240, -3000000)
```

இவ்வாறு 240 தவணைகளும் செலுத்தி முடிக்கப்படும்போது கொடுத்த மொத்தத் தொகை ஏறத்தாழ 62,48,000 ரூபாய். அதில் 32,48,000 ரூபாய் வட்டி. அசல் பங்கு சிறிய அளவில் தொடங்கி மெதுவாக வளர்வதால் முதல் ஐந்து ஆண்டுகளில் 15,62,000 ரூபாய் கட்டிய பிறகும் அசலில் குறைவது 3,56,000 ரூபாய் மட்டுமே. தவணையின் பாதிக்கு மேல் அசலுக்குப் போவது 143-ஆவது மாதத்தில்தான் முதன்முறையாக நிகழ்கிறது. அசலில் பாதி தீர்வதோ 166-ஆவது மாதத்தில், அதாவது பதினான்காம் ஆண்டின் இறுதியை நெருங்கும்போது. வங்கி முதலில் வட்டியை எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னர்தான் அசலைக் கழிக்கிறது என்ற மனத்தாங்கல் பரவலாக இருந்தாலும், அதில் மறைவான ஏற்பாடு எதுவும் இல்லை. எந்த மாதத்திலும் அந்த மாத நிலுவைக்கான வட்டி மட்டுமே எடுக்கப்படுகிறது, தொடக்கத்தில் நிலுவை பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது.

இப்போது கடன் வாங்கியவுடனேயே வட்டி விகிதம் 8.5-இலிருந்து 9 விழுக்காடாக உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், கடன் வாங்கியவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. தவணையை உயர்த்தி 20 ஆண்டுகளிலேயே கடனை முடிப்பது ஒன்று. தவணையை மாற்றாமல் மாதங்களின் எண்ணிக்கையை நீட்டிப்பது மற்றொன்று. முதல் வழியில் தவணை 26,992 ரூபாயாகிறது, அதாவது மாதத்துக்கு 957 ரூபாய் கூடுகிறது. இருபது ஆண்டுகளில் கூடுதலாகப் போகும் வட்டி ஏறத்தாழ 2,30,000 ரூபாய். இரண்டாம் வழியில் மாதச் செலவில் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. ஆனால் கடன் முடிய 240 மாதங்களுக்குப் பதிலாக 267 மாதங்களும் அதற்கு மேல் ஒரு சிறு தவணையும் தேவைப்படுகின்றன, மொத்த வட்டியோ 39,57,000 ரூபாயாகிறது. 32,48,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது 7,09,000 ரூபாய் கூடுதல். விகிதத்தின் உயர்வு இரண்டிலும் ஒன்றுதான். அதை எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பதில் மட்டும் வேறுபட்ட இரண்டு வழிகளின் செலவு மூன்று மடங்கு வேறுபடுகிறது.

இந்த வேறுபாட்டின் காரணம் முதல் மாதக் கணக்கிலேயே வெளிப்படுகிறது. அரை விழுக்காடு உயர்வால் 30 லட்சத்தின் மாத வட்டி 21,250-இலிருந்து 22,500 ரூபாயாகிறது; கூடுதல் 1,250 ரூபாய். 26,035 ரூபாய்த் தவணையோடு ஒப்பிட்டால் 1,250 சிறிய தொகை, அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் தவணையை மாற்றாதபோது இந்த 1,250 ரூபாய் முழுவதும் அசல் பங்கிலிருந்தே எடுக்கப்படவேண்டும். 4,785 ரூபாயாக இருந்த அசல் பங்கு 3,535 ரூபாயாகிறது, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே அடியாக மறைந்துவிடுகிறது. பின்வரும் அசல் பங்குகள் எல்லாம் இந்த முதல் பங்கிலிருந்தே பெருகி வரவேண்டியவை என்பதால் தொடக்கத்தில் ஏற்பட்ட குறைவு தொடர் முழுவதையும் பாதிக்கிறது. நீண்ட காலக் கடனில் வட்டி மாற்றத்தின் பளுவைத் தவணையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது தவறான அளவுகோல். தவணையில் அசலுக்குப் போகும் சிறிய பங்கோடு ஒப்பிடுவதே சரியானது.

அதே 7,09,000 ரூபாயை வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்கவேண்டும், ஏனெனில் அப்படிப் பார்க்காவிட்டால் எண்ணின் அளவு மட்டுமே மனத்தில் நின்று அதன் பொருள் தவறிவிடும். தவணையை உயர்த்தாதவர் மாதந்தோறும் 957 ரூபாயைக் கட்டாமல் வைத்துக்கொள்கிறார். அந்தக் கட்டாத தொகை அவர் பெயரில் 9 விழுக்காடு வட்டியில் புதுக் கடனாகச் சேர்கிறது. இருபது ஆண்டுகளில் கட்டாமல் விட்டது 2,30,000 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர்ந்து 240-ஆவது மாத முடிவில் அது 6,39,000 ரூபாய் நிலுவையாக நிற்கிறது. அதைத் தீர்க்கவே இன்னும் இரண்டே கால் ஆண்டுகளுக்கு மேல் தவணை செலுத்தவேண்டியிருக்கிறது. ஆகவே நீட்டிப்பில் ஏமாற்று எதுவும் இல்லை, அது கடனின் மேல் வாங்கிய மற்றொரு கடன். மாதம் 957 ரூபாயை வேறிடத்தில் முதலீடு செய்து, வரி போக ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாக ஈட்டக்கூடியவர் இதனால் இழப்பது ஒன்றுமில்லை. வங்கி வைப்புநிதியில் சேமிக்கும் சராசரிக் குடும்பத்துக்கு அத்தகைய வருமானம் கிடைப்பது அரிது. மேலும் இருபது ஆண்டுகளுக்குப் பின் கொடுக்கும் ரூபாயின் மதிப்பு இன்றைய ரூபாயின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கும் என்பதும் உண்மை. மொத்த வட்டித் தொகைகளை நேரடியாக ஒப்பிடும் எந்தக் கணக்குக்கும் இந்த வரம்பு உண்டு.

வட்டி குறையும்போதும் இதே விதி எதிர்த்திசையில் செயல்படுகிறது, ஆனால் அதே அளவில் அல்ல. விகிதம் 8 விழுக்காடாகக் குறைந்து தவணை 26,035 ரூபாயாகவே நீடித்தால் கடன் 220 மாதங்களில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி 5,20,000 ரூபாய். அரை விழுக்காடு ஏறும்போது இழப்பது 7,09,000 ரூபாய், இறங்கும்போது பெறுவது 5,20,000 ரூபாய் என்ற இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம், உயர்வு நீட்டிக்கும் மாதங்களின் எண்ணிக்கை தாழ்வு குறைக்கும் மாதங்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் அதிகமாக இருப்பதே. வட்டி குறைந்த பயனைத் தவணைக் குறைப்பாகக் கேட்டுப் பெறுபவரின் தவணை 25,093 ரூபாயாகும். அவருக்கு மிச்சமாகும் மொத்த வட்டி 2,26,000 ரூபாய்தான்.

மாற்றம் எந்த ஆண்டில் நிகழ்கிறது என்பதும் அதன் அளவுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. அதே கடனில் பதினைந்து ஆண்டுகள் 8.5 விழுக்காட்டில் கட்டிய பின், ஐந்து ஆண்டுகள் மீதமிருக்கும்போது வட்டி 9 விழுக்காடாக உயர்ந்தால், அப்போதைய நிலுவை ஏறத்தாழ 12,69,000 ரூபாயாக இருக்கும். மாத வட்டியில் கூடுவது 529 ரூபாய். அந்தக் கட்டத்தில் அசல் பங்கு 17,000 ரூபாயைத் தாண்டியிருக்கும் என்பதால் அதில் இது சிறு துளியே. தவணையை மாற்றாமல் விட்டாலும் கடன் ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவே நீள்கிறது, கூடுதல் செலவு ஏறத்தாழ 23,000 ரூபாய். தொடக்கத்தில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு வைத்த அதே அரை விழுக்காடு இறுதிக் கட்டத்தில் ஒரு தவணைத் தொகையைக்கூட எட்டுவதில்லை. வட்டி ஏறியவுடன் கடனை வேறு வங்கிக்கு மாற்ற முனைபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சியுள்ள காலத்தையே. கடைசி ஆண்டுகளில் மாற்றுச் செலவுகள் மிச்சமாகும் வட்டியையே விழுங்கிவிடக்கூடும்.

இந்தியக் கடனாளிகள் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் நேரடியாகச் சந்தித்தது 2022-23-இல். வங்கிகள் தனிநபர்களுக்குத் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்களின் விகிதத்தை வெளிப்புற அளவுகோல் ஒன்றோடு இணைக்கவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2019 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. மிதக்கும் வட்டி என்பது சந்தை நிலவரத்துக்கு ஏற்ப இடையில் மாறக்கூடிய வட்டி. பெரும்பாலான வங்கிகள் அந்த அளவுகோலாக ரெப்போ விகிதத்தை, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் விகிதத்தைத் தேர்ந்தெடுத்தன. 2022 மே தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, ஆறு உயர்வுகளுக்குப் பின் 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாயிற்று. பத்து மாதங்களுக்குள் இரண்டரை விழுக்காட்டு உயர்வு.

2022 ஏப்ரலில் 6.75 விழுக்காட்டில், 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் வாங்கிய ஒருவரின் தவணை 22,811 ரூபாயாக இருந்திருக்கும்; முதல் மாதத்தில் அசலுக்கு 5,936 ரூபாய் போயிருக்கும். ஒவ்வொரு உயர்வும் அடுத்த தவணையிலேயே நடைமுறைக்கு வந்து, தவணை மட்டும் மாறாமல் இருந்ததாகக் கொண்டு மாதம் மாதமாகக் கணக்கிட்டால், அசல் பங்கு ஜூனில் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்குகிறது, அக்டோபரில் 1,300 ரூபாயளவில் நிற்கிறது, ஜனவரியில் 500 ரூபாயாகிறது. பிப்ரவரி உயர்வுக்குப் பின் விகிதம் 9.25 விழுக்காடாகும்போது நிலுவை ஏறத்தாழ 29,74,000 ரூபாய். அதற்கான மாத வட்டி 22,924 ரூபாய். கட்டும் தவணை 22,811 ரூபாய்தான் என்பதால் வட்டியே முழுமையாக அடைபடாமல் 113 ரூபாய் எஞ்சி அசலோடு சேர்கிறது. அடுத்த மாத வட்டி இன்னும் சற்றுக் கூடுகிறது, எஞ்சுவதும் கூடுகிறது. தவணையைத் தவறாமல் கட்டுபவரின் கடன் அதன் பிறகு குறையாமல் வளரத் தொடங்குகிறது. இந்த நிலையில் எத்தனை மாதங்களில் கடன் முடியும் என்ற கேள்விக்கு விடையே கிடையாது. விரிதாளில் மாத எண்ணிக்கையைக் கேட்டால் அது இதைத் தன் மொழியில் சொல்லிவிடுகிறது:

```
=NPER(9.25%/12, -22811, 2974000)
```

இதற்குக் கிடைப்பது எண் அல்ல, `#NUM!` என்ற பிழைக்குறி. சூத்திரத்துக்குள் எதிர்ம எண்ணின் மடக்கையைக் காணவேண்டிய நிலை ஏற்படுவதால் அது வருகிறது. தவணை மாத வட்டியை எட்டவில்லை என்பதே அதன் பொருள்.

அந்தக் காலத்தில் தவணைக் காலம் தங்களுக்குத் தெரியாமலேயே நீட்டிக்கப்பட்டதாகக் கடனாளிகளிடமிருந்து பல குறைகள் எழுந்தன. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இந்தப் பின்னணியில் வந்தது. வட்டி மாற்றியமைக்கப்படும்போது அதனால் தவணையிலோ காலத்திலோ ஏற்படும் விளைவைக் கடனாளிக்குத் தெரிவிக்கவேண்டும். தவணையை உயர்த்துவது, காலத்தை நீட்டிப்பது, இரண்டையும் கலப்பது, முழுவதையோ ஒரு பகுதியையோ முன்கூட்டிச் செலுத்துவது ஆகிய வழிகளை அவர் முன் வைக்கவேண்டும். நீட்டிப்பு எந்த நிலையிலும் கடன் வளரும் நிலையை உண்டாக்கக்கூடாது என்று அது கூறுகிறது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் அதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, எஞ்சியுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையைத் தரவேண்டும் என்பதும் அதில் உண்டு.

அந்த அறிக்கையில் முதலில் பார்க்கத்தக்கது எஞ்சியுள்ள தவணைகளின் எண்ணிக்கை. மூன்று மாதங்களில் மூன்று தவணைகள் கட்டிய பிறகு அந்த எண் மூன்று குறைந்திருக்கவேண்டும். குறையாமல் இருந்தாலோ கூடியிருந்தாலோ வட்டி உயர்வு காலத்தின் மீது ஏற்றப்பட்டுவிட்டது என்று உடனே அறியலாம். அடுத்ததாக, நிலுவைத் தொகையை ஆண்டு விகிதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து, கிடைத்ததைத் தவணையிலிருந்து கழித்தால் அந்த மாத அசல் பங்கு தெரிந்துவிடும். வங்கி தினசரி நிலுவைக்கு வட்டி போடுமானால் 31 நாள் மாதத்துக்கும் பிப்ரவரிக்கும் இடையே சில நூறு ரூபாய் முதல் ஆயிரக்கணக்கான ரூபாய் வரை வேறுபாடு வரும்; அதைப் பிழை என்று கருதவேண்டியதில்லை.

தவணையை உயர்த்த முடியாத, காலத்தை நீட்டிக்கவும் விரும்பாத ஒருவருக்கு மூன்றாவது வழியாக ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்துவது எஞ்சுகிறது. மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபர்களிடம் வங்கிகள் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே விதித்துவிட்டது. முதலில் எடுத்துக்கொண்ட கடனில் விகிதம் 9 விழுக்காடான உடனே எவ்வளவு கட்டினால் பழைய தவணையும் பழைய காலமும் அப்படியே நிலைக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. 9 விழுக்காட்டில் 26,035 ரூபாய்த் தவணை 240 மாதங்களில் தீர்க்கக்கூடிய கடன் ஏறத்தாழ 28,93,600 ரூபாய். 30 லட்சத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியான 1,06,400 ரூபாயே கட்டவேண்டிய தொகை. ஐந்து ஆண்டுகள் கழித்து இதே நோக்கத்துக்காகக் கட்ட நினைப்பவருக்கு, அதுவரை செலுத்தப்படாத வேறுபாடு வட்டியோடு சேர்ந்துவிட்டிருப்பதால், தேவைப்படும் தொகை ஏறத்தாழ 1,66,500 ரூபாயாகியிருக்கும்.